B5-உம் 5E-உம் சேர்ந்தால் 113-ஆ, 13-ஆ?

கேள்வி: "டிப்ளமோ மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 8085 கிட்டில் B5, 5E இரண்டையும் கூட்டினால் 13 என்று காட்டுகிறது. தாளில் கூட்டினால் 113 வருகிறது. பதின்மத்துக்கு மாற்றிக் கூட்டினால் 275. எது சரி? இரும எண்ணாக எழுதிக் கூட்டும்போது ஒன்பதாவதாக வரும் 1-ஐ விட்டுவிடலாமா? மாற்றும் முறைகளும் ஒன்றோடொன்று குழம்புகின்றன, கொஞ்சம் விளக்குங்கள்."

113-உம் 275-உம் ஒரே எண்தான். ஒன்று ஹெக்ஸில் எழுதியது, மற்றது பதின்மத்தில் எழுதியது. கிட் காட்டும் 13 அந்த எண்ணின் கடைசி எட்டு பிட் மட்டும். அதைப் "பதின்மூன்று" என்று படித்திருந்தால் முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஹெக்ஸில் 13 என்றால் ஒரு பதினாறும் ஒரு மூன்றும், அதாவது பத்தொன்பது. ஒன்பதாவது 1-ஐ விடலாமா என்பதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. உங்கள் எண்களுக்கு நீங்கள் என்ன பொருள் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. நுண்செயலி ஆய்வகத்தில் பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். கூட்டலில் தவறுபவர்களைவிட, கூட்டலுக்கு முன்னால் மாற்றும்போதே தவறுபவர்கள்தான் அதிகம். அதனால் உங்கள் B5-ஐயும் 5E-ஐயும் வைத்துக்கொண்டே முதலிலிருந்து போகலாம்.

புத்தகங்கள் ஆறு மாற்றங்களை ஆறு தலைப்புகளில் போடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். உண்மையில் இருப்பவை இரண்டே வகை. இருமத்துக்கும் ஹெக்ஸுக்கும் இடையில் கணக்கே இல்லை, வெறும் எழுத்து மாற்றம். பதின்மம் உள்ளே வந்தால் மட்டும் பெருக்கலோ வகுத்தலோ தேவைப்படும். காரணம் எளிது. 16 என்பது நான்கு 2-களின் பெருக்கல். அதனால் ஒரு ஹெக்ஸ் இலக்கம் சரியாக நான்கு பிட்டுகளில் அடங்கிவிடும், பக்கத்து இலக்கத்தைத் தொடாது. 10 அப்படி எந்த இரண்டின் அடுக்கும் அல்ல. எனவே பதின்ம எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால் இரும எண்ணில் பல பிட்டுகள் கலைந்துபோகலாம். இரும எண்ணை நடுவில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வந்து நிற்கும்.

முதலில் பதின்மத்திலிருந்து இருமம். 181-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டால் வகுத்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் ஈவையும் மீதியையும் எழுதுங்கள்.

```
181 / 2 = 90   மீதி 1
 90 / 2 = 45   மீதி 0
 45 / 2 = 22   மீதி 1
 22 / 2 = 11   மீதி 0
 11 / 2 =  5   மீதி 1
  5 / 2 =  2   மீதி 1
  2 / 2 =  1   மீதி 0
  1 / 2 =  0   மீதி 1
```

மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 10110101. ஏன் கீழிருந்து? முதல் வகுத்தலில் வரும் மீதி, எண் ஒற்றையா இரட்டையா என்பதைச் சொல்கிறது. அது ஒன்றின் இடம், வலக்கோடியில் நிற்க வேண்டியது. கடைசியில் வரும் மீதி மிகப் பெரிய இடத்துக்குரியது, அது இடக்கோடிக்குப் போக வேண்டும். இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் திசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மேலிருந்து கீழாகப் படித்தவர்களுக்கு 10101101 கிடைக்கும். அது 173. பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் கண்ணில் சிக்காது. 94-க்கு இதே தவறைச் செய்தால் 1011110-க்குப் பதில் 0111101 வரும். 94 இரட்டை எண், ஆனால் கடைசி பிட் 1 என்பதால் உடனே மாட்டிக்கொள்ளும். 181-இல் இரு கோடிகளிலும் 1 இருப்பதால் அந்தச் சோதனை உதவாது. ஆகவே ஒற்றை, இரட்டை பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது பாதி காவல்தான்.

முழுக் காவல், திரும்ப மாற்றிப் பார்ப்பது. இதற்கு 128, 64, 32 என்று இடமதிப்புகளை எழுதிக் கூட்டுவது எல்லோருக்கும் தெரியும்: 128 + 32 + 16 + 4 + 1 = 181. எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. இடக்கோடி பிட்டிலிருந்து தொடங்குங்கள். கையிலிருப்பதை இரட்டித்து, அடுத்த பிட்டைக் கூட்டுங்கள், அவ்வளவுதான். 10110101-க்கு 1 என்று தொடங்கினால் அடுத்து 2, பிறகு 5, 11, 22, 45, 90, 181. இந்த வரிசையை மேலே உள்ள வகுத்தலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வந்த ஈவுகளே இங்கே கீழிருந்து மேலாக ஏறி வருகின்றன. பாதியாக்கிக்கொண்டே இறங்கியதை இரட்டித்துக்கொண்டே ஏறுகிறோம். எனவே சோதிக்கும்போது எந்த வரியில் எண் ஒத்துப்போகவில்லையோ, தவறு அந்த வரியில்தான் இருக்கிறது. இடமதிப்பு முறை தவறு உண்டு என்று மட்டும் சொல்லும், இது தவறு எங்கே என்றும் காட்டிவிடும்.

இனி ஹெக்ஸ். இரும எண்ணை வலப்பக்கத்திலிருந்து நான்கு நான்காகப் பிரியுங்கள். 1011 0101. முதல் குழு 11, ஹெக்ஸில் B. இரண்டாவது 5. ஆக B5. பத்து முதல் பதினைந்து வரை A, B, C, D, E, F என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு பிட் குழுக்கள் மனதில் நிற்கவில்லை என்பவர்களுக்கு நம் பழைய முகத்தலளவையை நினைவூட்டுவேன். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆழாக்குக் கணக்கில் படி 8, உரி 4, உழக்கு 2, ஆழாக்கு 1. ஒவ்வோர் அளவையையும் ஒரு முறைக்கு மேல் முகக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு 11 ஆழாக்கு அரிசி அளந்து பாருங்கள். ஒரு படி உண்டு, உரி இல்லை, உழக்கு உண்டு, ஆழாக்கு உண்டு: 1011. பதினைந்து வரை எந்த அளவுக்கும் இப்படி ஒரே ஒரு வழிதான் இருக்கும், பதினாறு ஆழாக்கு ஆனால் இரண்டாவது படி வேண்டும். ஹெக்ஸ் இலக்கம் F-இல் நின்றுவிடுவதும் அதனால்தான்.

பிரிக்கும் திசை முக்கியம். 94-இன் இருமம் 1011110, ஏழு பிட்தான். வலமிருந்து பிரித்தால் 101 1110. இடக்குழுவில் ஒரு பூஜ்யம் சேர்த்து 0101 1110, அதாவது 5E. இடமிருந்து பிரித்தால் 1011 110 என்றாகி B6 வரும், அது 182. சரியான விடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹெக்ஸ் விடை எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு அளவில் பெரிதாகத் தெரிந்தால் முதலில் இந்தப் பிரிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். எதிர்த்திசையில் ஹெக்ஸிலிருந்து இருமத்துக்குப் போகும்போது ஒவ்வோர் இலக்கத்துக்கும் நான்கு பிட்டையும் முழுதாக எழுதுங்கள். B5-இல் உள்ள 5-ஐ 101 என்று சுருக்கி எழுதினால் 1011101 ஆகி, 181 சத்தமில்லாமல் 93 ஆகிவிடும்.

பதின்மத்திலிருந்து ஹெக்ஸுக்கு நேராகவும் போகலாம். 16-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 181-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 5. ஆக B5. திரும்பி வர 11 × 16 + 5. சிறிய எண்களுக்கு இது விரைவு. பதினாறாம் வாய்ப்பாடு தடுமாறுபவர்கள் இருமம் வழியாகவே போகட்டும், பாதை நீளமானாலும் தவறுவது குறைவு.

இப்போது கூட்டல். பதின்மத்தில் ஓர் இடத்தில் பத்து சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஒன்று போகிறது. இங்கே இரண்டு சேர்ந்தாலே போகிறது. ஓர் இடத்தில் மொத்தம் 0 என்றால் 0 எழுதுங்கள், 1 என்றால் 1 எழுதுங்கள். 2 என்றால் 0 எழுதி, 1 அடுத்த இடத்துக்கு. 3 என்றால் 1 எழுதி, 1 அடுத்த இடத்துக்கு. மூன்றுக்கு மேல் வராது, ஏனெனில் இரண்டு எண்களிலிருந்து ஆளுக்கு ஒரு பிட், முந்தைய இடத்திலிருந்து ஒரு கேரி, அதிகபட்சம் மூன்று ஒன்றுகள். மூன்று இரும எண்களை ஒரே நேரத்தில் அடுக்கிக் கூட்டினால் இந்த உறுதி போய்விடும். ஓர் இடத்தில் நான்கு சேர்ந்தால் கேரி இரண்டு இடம் தள்ளிப் போகும். ஆகவே எப்போதும் இரண்டிரண்டாகவே கூட்டுங்கள்.

```
  1 1111 1
    1011 0101
  + 0101 1110
  -----------
  1 0001 0011
```

மேல் வரிசை கேரி. வலமிருந்து வாருங்கள். முதல் இடம் 1 + 0, விடை 1. இரண்டாவது 0 + 1, விடை 1. மூன்றாவதில் 1 + 1, எனவே 0 எழுதி 1 அடுத்த இடத்துக்கு. நான்காவதில் 0 + 1 + கேரி 1, மறுபடியும் 0, கேரி 1. ஐந்தாவது இடத்தைத்தான் கவனிக்க வேண்டும்: 1 + 1 + கேரி 1, மொத்தம் மூன்று. 1 எழுதி, 1 அடுத்த இடத்துக்கு. பலர் இங்கே 1 + 1 என்று பார்த்ததும் பழக்கத்தில் 0 எழுதிவிடுவார்கள், மேலே ஏறி வந்த கேரியை மறந்துவிடுவார்கள். அடுத்த மூன்று இடங்களிலும் ஓர் எண்ணில் 1, மற்றதில் 0, கேரி 1. மூன்றிலும் 0, கேரி 1. எட்டு இடமும் முடிந்த பிறகு வெளியே நிற்கும் கேரியை இறக்கி எழுதினால் 1 0001 0011. கேரியை மனதில் வைத்துக்கொள்ளாமல் மேலே எழுதச் சொல்வது இந்தத் தொடர் ஓட்டத்துக்காகத்தான். மூன்றாவது இடத்தில் பிறந்த கேரி ஒன்பதாவது இடம் வரை அறுபடாமல் போயிருக்கிறது. நடுவில் ஒன்றை விட்டாலும் விடை தவறாகிவிடும்.

குழுக்களாகப் படித்தால் 1, 1, 3: ஹெக்ஸில் 113. பதின்மத்தில் 256 + 16 + 3 = 275. 181 + 94 என்ன என்று பாருங்கள், அதுவே.

ஹெக்ஸிலேயே கூட்டியும் சரிபார்க்கலாம். 5-உம் E-உம் சேர்ந்தால் 19, அதில் ஒரு பதினாறு போக 3, கேரி 1. B, 5, கேரி 1 சேர்ந்தால் 17, ஒரு பதினாறு போக 1, கேரி 1. ஆக 113. இன்னும் விரைவான சோதனை ஒன்று உண்டு. பதின்மத்தில் ஒன்பதைத் தள்ளிச் சோதிப்பதுபோல ஹெக்ஸில் பதினைந்தைத் தள்ளலாம். B5-இன் இலக்கங்கள் 11 + 5 = 16, பதினைந்து போக 1. 5E-க்கு 5 + 14 = 19, பதினைந்து போக 4. இரண்டும் சேர்ந்து 5. விடை 113-இன் இலக்கங்கள் 1 + 1 + 3, அதுவும் 5. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால் தவறு நிச்சயம். ஆனால் ஒத்துப்போனால் சரி என்பது நிச்சயமில்லை, B5-ஐ 5B என்று இடம் மாற்றி எழுதிய பிழையை இது பிடிக்காது.

இனி உங்கள் கிட்டுக்கு வருவோம். 8085-இன் குவிப்பான் எட்டு பிட் அகலம். ஒன்பதாவது பிட்டுக்கு அதில் இடமில்லை. ஆனால் அந்த 1 தொலைந்துபோகவில்லை, கொடிகளின் பதிவகத்தில் CY என்ற பிட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் குவிப்பானை மட்டும் நினைவகத்தில் சேமித்துப் பார்த்திருப்பீர்கள், அதனால்தான் 13 மட்டும் தெரிந்தது. முழு விடையும் வேண்டும் என்றால் நிரல் அந்தக் கேரியை எடுத்து வைக்க வேண்டும்.

```
4100  0E 00     MVI C,00H
4102  3E B5     MVI A,B5H
4104  C6 5E     ADI 5EH
4106  D2 0A 41  JNC 410AH
4109  0C        INR C
410A  32 00 42  STA 4200H
410D  79        MOV A,C
410E  32 01 42  STA 4201H
4111  76        HLT
```

கேரி இல்லை என்றால் `JNC` நேராக 410A-க்குத் தாவும். இருந்தால் `INR C` ஒன்றைக் கூட்டி வைக்கும். ஓட்டி முடித்த பிறகு 4200-இல் 13, 4201-இல் 01 இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் 0113. உங்கள் கிட்டில் பயனர் நினைவகம் தொடங்கும் முகவரி வேறு என்றால் தொடக்க முகவரி, தாவும் முகவரி, சேமிக்கும் முகவரிகள் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றுங்கள். இந்தச் சின்ன நிரலிலேயே ஹெக்ஸ் எண்ணும் பழக்கமும் சோதிக்கப்படுகிறது. 4109-க்கு அடுத்து 410A. பதின்மப் பழக்கத்தில் 4110 என்று எழுதி, தாவும் முகவரியை அங்கே காட்டிவிட்டு, "நிரல் ஓடவில்லை சார்" என்று வந்து நின்ற மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஒன்பதாவது 1-ஐ விட்டுவிடலாமா என்ற கேள்வி. B5-உம் 5E-உம் குறியற்ற எண்கள், 0 முதல் 255 வரை என்று எடுத்துக்கொண்டால் விடவே கூடாது. விட்டால் விடையிலிருந்து 256 காணாமல் போகும். ஆனால் அதே எட்டு பிட்டுகளை 2-இன் நிரப்பி முறையில் குறியுள்ள எண்களாக எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது. அந்த முறையில் இடக்கோடி பிட் 1 என்றால் எண் எதிர்மம், அதன் மதிப்பு குறியற்ற மதிப்பைவிட 256 குறைவு. B5 என்பது 181 − 256 = −75. 5E-இன் இடக்கோடி பிட் 0, அது +94 ஆகவே இருக்கிறது. −75-உம் 94-உம் சேர்ந்தால் 19. கிட் காட்டும் 13 ஹெக்ஸில் அதே 19. இங்கே ஒன்பதாவது 1-ஐ விட்டுவிட வேண்டும், விட்டால்தான் விடை சரி.

எனவே 13 என்ற விடையை மட்டும் வைத்துக்கொண்டு, அது 275-இன் மிச்சமா, சரியான 19-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. செயலிக்கும் தெரியாது. அது ஒரே கூட்டலைத்தான் செய்கிறது, பொருள் நிரல் எழுதுபவர் கையில் இருக்கிறது.

குறியுள்ள எண்களில் கேரியை விட்டுவிடலாம் என்றால் அங்கே தவறே வராதா? வரும், ஆனால் வேறு இடத்தில். 5E-உடன் 5E-ஐக் கூட்டிப் பாருங்கள். BC வரும், கேரி வராது. குறியற்ற கணக்கில் அது 188, முழுச் சரி. குறியுள்ள கணக்கில் BC என்பது −68. இரண்டு நேர்ம எண்களைக் கூட்டி எதிர்ம விடை பெற்றிருக்கிறோம், ஏனெனில் எட்டு பிட்டில் குறியுள்ள எண் 127-ஐத் தாண்ட முடியாது. கையால் கூட்டும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரே ஓர் இடத்தைப் பார்த்தால் போதும்: எட்டாவது இடத்துக்குள் வந்த கேரியும் அதிலிருந்து வெளியே போன கேரியும் ஒன்றாக இருந்தால் குறியுள்ள விடை சரி, வேறாக இருந்தால் தவறு. மேலே போட்ட B5 கூட்டலில் உள்ளே வந்ததும் 1, வெளியே போனதும் 1. 5E + 5E-இல் உள்ளே வந்தது 1, வெளியே போனது 0.

தேர்வில் "இரண்டு இரும எண்களைக் கூட்டுக" என்று மட்டும் கேட்டு, எத்தனை பிட் என்று சொல்லாவிட்டால் ஒன்பது இலக்கங்களையும் எழுதுங்கள். எதையும் விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "2-இன் நிரப்பி முறையில்" என்று கேட்டால் ஒன்பதாவது 1-ஐ எழுதி, அதை அடித்து, கேரி விடப்பட்டது என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள். செய்முறை ரெக்கார்டு நோட்டில் 4200: 13, 4201: 01 என்று இரண்டு வரிகளாக எழுதி, கையால் போட்ட கூட்டலையும் அதற்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.